புதுப்பிப்பு: 1.99 கோடியா, 1.86 கோடியா?

முன்பு கேட்டது: "மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 10,000 ரூபாய், தவணையை ஆண்டுக்கு 10% கூட்டி, 12% வருமானத்தில் 20 ஆண்டு. ஆன்லைன் கால்குலேட்டர் 1.99 கோடி என்கிறது, என் எக்செல் 1.86 கோடி. எதை நம்புவது?"

மாதத் தொடக்கத்தில் போடுவதா கடைசியில் போடுவதா என்பதுதான் காரணம் என்றார் ஒருவர். மாற்றிப் பார்த்தேன், 2 லட்சத்துக்குள்தான் அசைகிறது. இடைவெளியோ சுமார் 12.6 லட்சம்.

வழி காட்டியவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. முதலில் வருமானத்தை 0% ஆக்கச் சொன்னார். இரண்டிலும் 68.73 லட்சம் வந்தது, அதனால் ஆண்டு உயர்வில் கோளாறு இல்லை. அப்புறம் உயர்வை 0% ஆக்கி, வருமானத்தை 12%க்கே திருப்பினேன். கால்குலேட்டரில் 99.9 லட்சம், எக்செல்லில் 92 லட்சம். ஆக, வித்தியாசம் வட்டியில்தான்.

கால்குலேட்டர் 12%ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 1% என்று எடுக்கிறது. அது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 12.68% ஆகிவிடும். என் தாளில் இருப்பது இது:

```
=(1+12%)^(1/12)-1
```

மாதம் சுமார் 0.949%. மியூச்சுவல் ஃபண்டின் ஆண்டு வருமானத்தை வைத்துப் போடும் கணக்குக்கு இதுவே பொருந்தும். 1.86 கோடியையே வைத்துக்கொள்கிறேன்.

பி.எஃப். பணத்தையும் இதிலேயே சேர்க்கலாமா என்று கேட்ட நண்பருக்கு: அதன் வட்டி வேறு, தனி வரிசையில் போடுங்கள்.

இன்னும் உறுத்துவது ஒன்று. இருபதாம் ஆண்டில் மாதத் தவணை 61,159 ரூபாய். சம்பளம் அந்த வேகத்தில் ஏறுமா என்பதில் வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை.