ஓர கர்டருக்கு லீவர் ரூல்: ஸ்லாபில் ஹின்ஜே இல்லையே?

பிரவீன்:
சென்னையில் இருந்து அமெரிக்கப் பாலங்களுக்கு டிசைன் செய்யும் அலுவலகத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. 5 ஸ்டீல் கர்டர், இடைவெளி 8 அடி, ஸ்பான் 80 அடி, மேலே கான்கிரீட் ஸ்லாப். பேரியரின் உள்முகம் ஓர கர்டரிலிருந்து 2 அடி வெளியே இருக்கிறது. மொமென்ட்டுக்கு உள் கர்டரின் பங்கு, அமெரிக்கப் பாலக் கோடான ஆஷ்டோவின் சூத்திரத்தில் 0.64 லேன். ஓர கர்டருக்கு லீவர் ரூல் போட்டால் 0.75 வருகிறது. ஸ்லாப் தொடர்ச்சியாக ஓடும்போது, லீவர் ரூல் சொல்வதுபோல் உள் கர்டர் மேல் ஹின்ஜ் இருப்பதாக எப்படி வைத்துக்கொள்வது? சீனியர், "லீவர் ரூல் எப்போதும் பாதுகாப்புப் பக்கம்தான், அப்படியே விடு" என்கிறார். அது சரியா?

ஆசிக்:
லீவர் ரூல் என்பது இரண்டு ஃபேஸ் எந்த விகிதத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதானே? உலோகவியல் பாடத்தில் படித்தோம். அதில் ஹின்ஜ் எங்கே வந்தது?

இளங்கோ:
பெயர் ஒன்றுதான் ஆசிக், ஆள் வேறு. இங்கே தராசுக் கணக்கு. லாரி வீல் எந்த கர்டருக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அது அதிகம் சுமக்கும்.

பிரவீன், உங்கள் 0.75 சரியாகத்தான் வந்திருக்கிறது. பேரியரிலிருந்து 2 அடி தள்ளி முதல் வீல், அதாவது ஓர கர்டரின் தலைமேலேயே. 6 அடி தள்ளி இரண்டாவது வீல். அடுத்த கர்டருக்கு அதிலிருந்து 2 அடிதான். முதல் வீல் முழுவதும் ஓர கர்டருக்கு, இரண்டாவதில் எட்டில் இரண்டு பங்கு. ஒரு வீல் அரை லாரி என்பதால் 0.5 + 0.125 = 0.625. ஒரே லேனில் லாரி நிற்பதால் ஆஷ்டோவின் பெருக்கு எண் 1.2. அதால் பெருக்கினால் 0.75.

மணிகண்டன்:
கணக்கு சரி, ஆனால் நடப்பது அதுவல்ல. லாரி ஓரத்தில் ஏறினால் ஐந்து கர்டரும் சேர்ந்து சாய்கிறது. கிராஸ் ஃப்ரேம் எதற்கு வைக்கிறோம்? நம் ஊரில் டி-பீம் பாலம் போடுகிறவர்கள் பலரும் கூர்போன் முறையில்தான் செய்கிறார்கள். குறுக்குவெட்டு மொத்தமும் வளையாத ஒரே கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து லாரியின் நடு 13 அடி. பங்கு 1/5 + 16×13/640 = 0.525. 1.2 பெருக்கினாலும் 0.63. லீவர் ரூல் காட்டும் 0.75 வெறும் வீண் ஸ்டீல். இந்தக் காலத்திலும் ஹின்ஜ் கற்பனையை வைத்துக்கொண்டு இருப்பது எனக்குப் புரியவில்லை.

இளங்கோ:
மணிகண்டன் சார், நீங்கள் சொல்லும் சூத்திரம் ஆஷ்டோவிலும் இருக்கிறது. டயஃப்ரம் அல்லது கிராஸ் ஃப்ரேம் வைத்த ஸ்டீல் பாலத்துக்கு அதையும் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் நீங்கள் ஒரு லாரியோடு நிறுத்திவிட்டீர்கள். பேரியர்களுக்கு நடுவே 36 அடி, அதில் மூன்று லேன். இரண்டாவது லேனிலும் லாரி ஏற்றுங்கள். அதன் நடு பாலத்தின் மையத்திலிருந்து 1 அடி. 2/5 + 16×(13+1)/640 = 0.75. இரண்டு லேனுக்குப் பெருக்கு எண் 1.0. மூன்று லேனுக்கு 0.675, அதை 0.85 ஆல் பெருக்கினால் 0.57. ஆக உங்கள் முறையிலும் பெரியது 0.75தான்.

மணிகண்டன்:
இரண்டாவது லாரியை விட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் 0.75 என்று வந்தது தற்செயல். அதை வைத்து லீவர் ரூல் உண்மை என்று சொல்ல முடியாது.

பிரவீன்:
சார், சும்மா இடைவெளியை 10 அடியாக்கிப் பார்த்தேன். லீவர் 0.84. ஒரே கட்டை என்று வைக்கும் ரிஜிட் முறையில் இரண்டு லாரிக்கு அதுவும் 0.84! 6 அடிக்கு இரண்டும் 0.60. இது எப்படித் தற்செயலாகும்?

இளங்கோ:
நல்ல வேலை செய்தீர்கள். இடைவெளியை S என்று வைத்து விரித்துப் பார்த்தேன்:

```
லீவர், 1 லாரி : 1.2 × (0.5 + 0.5(S-6)/S)     = 1.2 - 3.6/S
ரிஜிட், 2 லாரி: 2/5 + 2S(2S-3 + 2S-15)/(10S²) = 1.2 - 3.6/S
```

5 கர்டர், பேரியர் 2 அடி வெளியே, 12 அடி லேன் என்றால் S எதுவானாலும் ஒன்றாகத்தான் வரும், 6 அடிக்குக் குறையாமல் இருந்தால் போதும். ஆனால் 6 கர்டர் வையுங்கள், S = 8-க்கு ரிஜிட் முறை 0.73க்கு இறங்கும். லீவர் ரூலுக்கு எத்தனை கர்டர் என்பதே தெரியாது, அது 0.75லேயே நிற்கும். அதனால் மணிகண்டன் சார் சொன்னதில் பாதி சரி: பொருந்தியது எண்கள்தான். இரண்டு முறைகளும் பாலத்தை ஒரே மாதிரி பார்க்கின்றன என்று அர்த்தமில்லை.

இப்போது ஹின்ஜ் விஷயம். ஸ்பானின் நடுவில் லாரி நிற்கும்போது அதற்குக் கீழே உள்ள கர்டர் இறங்குகிறது. இறங்கியவுடன் ஸ்லாப் சுமையைப் பக்கத்து கர்டர்களுக்குத் தள்ளிவிடுகிறது. லீவர் ரூலுக்கு இந்த இறக்கம் தெரியாது. உள் கர்டருக்கு இரண்டு லாரி நிறுத்திப் பாருங்கள்: ஒரு வீல் கர்டர் மேல், அதன் ஜோடி 6 அடி இடப்பக்கம், அடுத்த லாரியின் வீல் 4 அடி வலப்பக்கம். லீவர் ரூலில் 0.5 × (1 + 0.25 + 0.5) = 0.875. மொமென்ட் சூத்திரமோ 0.64 என்கிறது. பெரிய இடைவெளி. ஆனால் அதே உள் கர்டரின் ஷியர் பங்கைப் போட்டால் இரண்டு லேனுக்கு 0.81 வருகிறது. லீவர் ரூலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள்.

ஷியருக்கு நமக்கு மோசமான நிலை, பெரிய ஆக்சில் பியரிங் பக்கத்தில் நிற்பது. அங்கே கர்டர் இறங்க இடமே இல்லை. இறங்காத கர்டர் சுமையைத் தள்ளிவிடாது. அங்கே ஸ்லாப், அசையாத தாங்கிகள் மேல் கிடக்கும் பலகை மாதிரி. தராசுக் கணக்கு அங்கே உண்மைக்கு நெருக்கம். மற்ற ஆக்சில்கள் 14 அடி, 28 அடி என்று உள்ளே தள்ளி நிற்பதால் அவற்றின் சுமை கொஞ்சம் பரவுகிறது, அதனால்தான் 0.875 கொஞ்சம் குறைந்து 0.81.

பிரவீன்:
அப்படியென்றால் சீனியர் சொன்ன "எப்போதும் பாதுகாப்பு" சரிதானா?

இளங்கோ:
"எப்போதும்" என்பதுதான் இடிக்கிறது. அசையாத மூன்று தாங்கிகள் மேல் தொடர்ச்சியான ஸ்லாப், முதல் இடைவெளியின் சரியான நடுவில் ஒரு வீல். லீவர் ரூல் ஆளுக்குப் பாதி என்கிறது. தொடர்ச்சியைக் கணக்கில் எடுத்தால் ஓரத்துக்கு 13/32, அதாவது 0.41. நடுத் தாங்கிக்கு 22/32, அதாவது 0.69. கடைசித் தாங்கியில் ஸ்லாப் 3/32 அளவுக்கு மேலே தூக்கப் பார்க்கும். ஓர கர்டருக்கு லீவர் ரூல் கூடுதலாகச் சொல்கிறது, நல்லது. அதற்கு அடுத்த கர்டருக்கோ குறைத்துச் சொல்கிறது. ஹின்ஜ் வைத்த தவறு ஒரு பக்கம் நமக்கு உதவுகிறது, மறுபக்கம் கழுத்தில் கை வைக்கிறது. உங்கள் சீனியர் இந்தப் பாலத்தின் ஓர கர்டரைப் பற்றி மட்டும் சொல்லியிருந்தால் அவர் சொன்னது சரி.

மணிகண்டன்:
நீங்கள் சொல்வது பியரிங் பக்கத்துக்குப் பொருந்தும். அதை மறுக்கவில்லை. ஆனால் பிரவீன் கேட்டது மொமென்ட். நடு ஸ்பானில் ஓர கர்டர் மட்டும் இறங்காமல் இருக்குமா? அங்கேயும் சுமை தள்ளப்படத்தானே செய்யும்? எல்லா கர்டரையும் வலைபோல் இணைத்து ஒரு கிரில்லேஜ் மாடல் போட்டால் 0.75 வராது என்று இன்னமும் சொல்வேன்.

ரேவதி:
நான் டிசைன் ஆள் இல்லை, பழைய பாலங்களைச் சோதிக்கப் போகிறவள். கிராஸ் கர்டர் வேலை செய்கிறது என்று இரண்டு பேரும் நம்பி எழுதுவதால் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு பழைய கான்கிரீட் டி-பீம் பாலத்துக்கு அடியில் நின்றேன். கிராஸ் கர்டர் மெயின் கர்டரோடு சேரும் இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு விரிசல். ஓரத்தில் துரு வடிந்து பழுப்புக் கோடு. அது மட்டுமென்றால் பழைய விரிசல் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். மணல் லாரி ஒன்று ஓரமாக ஏறியபோது, விரிசலின் வாய் திறந்து மூடியதைக் கண்ணால் பார்த்தேன். கையை வைத்தால் ஓர கர்டர் அதிர்வது தெரிகிறது, அடுத்த கர்டர் அசையவே இல்லை. வரைபடத்தில் அது கூர்போன் முறையில் போட்ட பாலம். அங்கே ஓர கர்டருக்கு எந்தக் கணக்கு சரி என்று நீங்கள் சொல்லுங்கள்.

இளங்கோ:
ரேவதி மேடம், அந்தப் பாலத்தில் கூர்போன் போடக்கூடாது. அந்த முறைக்கு நிபந்தனை உண்டு: நீளம் அகலத்தைப் போல் 2 முதல் 4 மடங்கு, குறைந்தது ஐந்து கிராஸ் கர்டர், அவற்றின் ஆழம் மெயின் கர்டர் ஆழத்தில் முக்கால் பங்காவது. இணைப்பு திறந்து மூடுகிறது என்றால் கிராஸ் கர்டர் இல்லாத மாதிரிதான். அப்போது சுமையைக் கடத்துவது ஸ்லாப் மட்டுமே. அந்த ஓர கர்டரின் சுமைப் பங்கை நான் லீவர் ரூலில்தான் போடுவேன்.

பிரவீனின் பாலத்திலும் இதைப் பாருங்கள். 80 அடி நீளம், பேரியரோடு சேர்த்து அகலம் 39 அடி வரும். இரண்டு மடங்கை மயிரிழையில்தான் தொடுகிறது. ஸ்டீல் கிராஸ் ஃப்ரேம் கான்கிரீட் கிராஸ் கர்டர் அளவுக்கு விறைப்பும் இல்லை. ஐந்தும் ஒரே கட்டையாகச் சாயும் என்று அங்கே அடித்துச் சொல்ல மாட்டேன்.

மணிகண்டன்:
சேதமான பாலத்தையும் புதுப் பாலத்தையும் ஒன்றாக்க வேண்டாம். புதிதாகக் கட்டுவதில் கிரில்லேஜ் போட்டு உண்மையான எண்ணை எடுக்கலாம், கோடும் அனுமதிக்கிறது.

இளங்கோ:
அனுமதிக்கிறது. ஆனால் ரேவதி மேடம் பார்த்த விரிசல் 40 வருடம் கழித்து வந்தால், நீங்கள் இன்று மிச்சம் பிடித்த ஸ்டீல் அன்றைக்கு அந்த ஓர கர்டரில் இருக்காது. இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

பிரவீன், இரண்டு விஷயம் மட்டும் சரிபாருங்கள். ஆஷ்டோவின் 0.64, ஒரு லேனுக்கான 0.46, இந்தச் சூத்திர எண்களுக்குள் பெருக்கு எண் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அவற்றை மறுபடி 1.2 ஆல் பெருக்காதீர்கள். லீவர் ரூலுக்கும் ரிஜிட் முறைக்கும் நாம்தான் பெருக்க வேண்டும். ஃபெடீக்குக்கு ஒரே லாரி, பெருக்கு எண்ணே கிடையாது, அங்கே 0.625.

பிரவீன்:
ஃபெடீக் ஷீட்டில் 0.75 போட்டிருக்கிறேன், இப்போதே மாற்றுகிறேன். ரேவதி அக்கா, அந்த விரிசல் எத்தனையாவது கிராஸ் கர்டரில் இருந்தது? நடு ஸ்பானிலா, பியரிங் பக்கத்திலா?

ரேவதி:
நடுவில் உள்ளதில்தான் வாய் திறந்தது. பியரிங் மேல் இருந்த இரண்டும் கோடு கூட இல்லாமல் சுத்தமாக இருந்தன.