செக் டிஜிட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

குடியாத்தத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலைப் பட்டியலை வேலூரில் உள்ள ஒரு கல்லூரி நூலகப் பட்டியலோடு ஒப்பிட்டு வருகிறேன். இரண்டு இடத்திலும் இருக்கிற புத்தகங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். தலைப்பை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பதால் ஐ.எஸ்.பி.என். எண்ணை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

எண்ணைத் தப்பாக அடித்தால் தெரியட்டும் என்று அதன் கடைசியில் சேர்க்கிற இலக்கம்தான் செக் டிஜிட். ஒப்பிடும் முன் எண் பத்தி முழுவதையும் அந்தக் கணக்கில் ஓட்டினேன். தட்டச்சில் தவறிய எண்கள் நிறைய அகப்பட்டன. ஆனால் வேலூரில் நானே கையில் எடுத்துப் பார்த்த ஒரு புத்தகம் 'அங்கே இல்லை' என்று வந்தது. எங்கள் பத்தியில் அதன் எண் 9788138640275. கணக்கில் தேறிய எண். அலமாரியில் புத்தகத்தைப் புரட்டினால் அச்சில் இருப்பது 8183640273 என்ற பழைய பத்து இலக்க எண்.

'சரிபார்ப்பு இலக்கம்' என்றுதான் செக் டிஜிட்டை எழுதி வருகிறோம். சரிபார்த்த பிறகும் தப்பாக இருந்தால் அந்தப் பெயர் பொருந்துமா?

ஆரணியிலிருந்து

அண்ணா, பெயர் 'கூட்டிலக்கம்' என்று இருக்கலாம். நடப்பது அவ்வளவுதானே? எல்லா இலக்கத்தையும் கூட்டி, பத்தின் மடங்காக ஆக்க எது குறைகிறதோ அதைக் கடைசியில் போடுகிறார்கள். ஒரு இலக்கம் மாறினாலும் கூட்டல் இடித்துவிடும். உங்கள் நிரலில்தான் ஏதோ பிழை என்று நினைக்கிறேன்.

காட்பாடியிலிருந்து

ஆரணித் தம்பி சொல்வதில் பாதி சரி. ஒரு இலக்கம் மாறினால் வெறும் கூட்டலே காட்டிக்கொடுக்கும். ஆனால் கைத்தவறில் அடிக்கடி வருவது பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது. 36 என்பதை 63 என்று அடித்தால் கூட்டல் மாறவே மாறாது. அதனால்தான் 13 இலக்க எண்ணில் ஒன்றுவிட்டு ஒன்றை மூன்றால் பெருக்கிக் கூட்டுகிறோம்.

```python
def ok13(s):
    if len(s) != 13 or not s.isdigit():
        return False
    t = sum(int(d) * (3 if i % 2 else 1)
            for i, d in enumerate(s))
    return t % 10 == 0
```

உங்கள் புத்தகத்தின் சரியான 13 இலக்க எண் 9788183640275. அதன் கூட்டுத்தொகை 140. நடுவில் வரும் 36-ஐ 63 என்று மாற்றினால் 134 ஆகிவிடும், பிடிபடும். ஆனால் உங்கள் பத்தியில் மாறியிருப்பது அதற்கு முந்தைய 83, அது 38 ஆகிவிட்டது. முதலில் 8-ஐ மூன்றால் பெருக்கி 3-ஐச் சேர்த்தால் 27. மாறிய பிறகு 3-ஐ மூன்றால் பெருக்கி 8-ஐச் சேர்த்தால் 17. சரியாகப் பத்து குறைகிறது, கூட்டுத்தொகை 130. அதுவும் பத்தின் மடங்கு. பக்கத்து இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் எப்போதும் இப்படித்தான்: 0-5, 1-6, 2-7, 3-8, 4-9. நிரலில் பிழை இல்லை, இந்த முறையின் எல்லை இது.

பழைய பத்து இலக்க எண்ணில் இந்த ஓட்டை கிடையாது. அங்கே பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் பெருக்கி, 11-ஆல் வகுபடுகிறதா என்று பார்ப்பார்கள். 11 பகா எண் என்பதால் பக்கத்து இடமாற்றம் ஒன்றுகூடத் தப்பாது. அச்சில் இருக்கிற 8183640273-க்குக் கூட்டுத்தொகை 253, 11-ன் 23 மடங்கு. 8138640273 என்று அடித்தால் 248, மீதி 6 வருகிறது. அப்படியிருக்க எப்படித் தப்பியது? பத்து இலக்கத்தை 13 ஆக மாற்றிய பிறகுதான் சோதித்தீர்களா?

குடியாத்தத்திலிருந்து

ஆமாம் ஐயா. 2007-க்கு முந்தைய புத்தகங்கள் நிறைய. ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் முன்னால் 978 சேர்த்து, பழைய கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டு, புதிதாகக் கணக்கிட்டுப் போட்டேன்.

காட்பாடியிலிருந்து

அங்கேதான் போயிற்று. தவறைச் சொல்ல இருந்த ஒரே சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு, தவறான எண்ணுக்குப் பொருத்தமாகப் புதுச் சாட்சி ஒன்றைச் செய்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு எந்தப் பிழையும் தேறிவிடும், 5 வித்தியாசமே தேவையில்லை. பத்து இலக்கமாக உள்ளவற்றை அந்த வடிவிலேயே சோதியுங்கள். தேறியதை மட்டும் மாற்றுங்கள்.

தேறாததைக் கணினியைக் கொண்டு திருத்தவும் வேண்டாம். 13 இடங்களில் எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றித் தேற வைத்துவிடலாம். எது உண்மை என்று எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது, அலமாரிக்குத்தான் போக வேண்டும்.

ஆம்பூரிலிருந்து

வணக்கம். நான் தோல் ஏற்றுமதிக் கணக்கு எழுதுகிறவள். சப்ளையர்களின் ஜி.எஸ்.டி. எண்களை, எங்களுக்கு உரிய வரி வரவைக் காட்டும் 2பி பட்டியலோடு ஒப்பிடுவது மாதாமாதம் எனக்கு உள்ள வேலை. இந்தச் சரிபார்ப்பை ஓட்டினால் பதிவு ரத்தான சப்ளையர்கள் தெரிந்துவிடுவார்களா? போன வருடம் ஒருவருடைய பதிவு ரத்தாகியிருந்தது தெரியாமல் வரி வரவு எடுத்து, பிறகு திருப்பிக் கட்டினோம். எண் சரியாகத்தான் இருந்தது.

காட்பாடியிலிருந்து

தெரியாதம்மா. ரத்தான எண்ணும் இந்தக் கணக்கில் தேறும். பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதை ஜி.எஸ்.டி. தளத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு சொல்வது ஒன்றுதான்: இந்த எழுத்துகள் இந்த வரிசையில் ஒன்றாக இருக்க முடியாது, எங்கோ கை தவறியிருக்கிறது. தேறினால் அது எதையும் உறுதி செய்வதில்லை. மனம்போன போக்கில் 13 இலக்கம் அடித்தாலும் பத்தில் ஒன்று தேறும்.

ஆனால் பூஜ்யத்துக்குப் பதில் ஓ அடித்தது போன்ற தவறுகளை முன்கூட்டியே பிடிக்க உங்களுக்கும் உதவும். 15 எழுத்துகளில் கடைசியாக இருப்பது இதே வேலைக்குத்தான்.

குடியாத்தத்திலிருந்து

ஆம்பூர் அக்கா கேட்டது எனக்கு நல்ல பாடம். 'சரிபார்ப்பு' என்ற சொல்லைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆதார் சரிபார்ப்பு, முகவரி சரிபார்ப்பு என்று, உண்மையா என்று விசாரிப்பதற்கே அந்தச் சொல்லைப் பழகிவிட்டோம். இந்த இலக்கம் விசாரிப்பதில்லை, பிழை இருந்தால் காட்டுகிறது. அதனால் 'பிழைகாட்டி' என்று முன்மொழிகிறேன். திசைகாட்டி, நாள்காட்டி போல நாவில் உட்காரும்.

ஆரணியிலிருந்து

கூட்டிலக்கத்தை விட்டுவிடுகிறேன், காட்பாடி ஐயா சொன்னது புரிந்தது. ஆனால் 'பிழைகாட்டி' என்றால் எல்லாப் பிழையையும் காட்டும் என்றுதானே அர்த்தம் வரும்? 83 விஷயத்தில் காட்டவில்லையே. பழகிய சொல்லை மாற்றி இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவருகிறோம். 'பிழைகாட்டி இலக்கம்' என்றாவது வைக்கலாம்.

காட்பாடியிலிருந்து

'இலக்கம்' வேண்டாம் என்பது என் கட்சி. பத்து இலக்க ஐ.எஸ்.பி.என்.னில் கடைசி இடத்துக்குப் பத்து வந்தால் X என்று போடுகிறார்கள். ஜி.எஸ்.டி. எண்ணின் கடைசியிலும் எழுத்து வரலாம். இலக்கம் என்று பெயர் வைத்தால், எழுதுகிறவர் அந்தப் பத்தியை எண் வகையாக அமைத்துவிடுவார். X விழுந்துவிடும், 0-வில் தொடங்கும் எண்ணின் தலையும் போய்விடும். 'பிழைகாட்டி' மட்டும் போதும். தம்பியின் மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனாலும் 'காட்டாமல் விடலாம்' என்று விளக்குவது, 'சரிபார்த்தும் சரியில்லை' என்று விளக்குவதைவிடச் சுலபம்.

குடியாத்தத்திலிருந்து

தட்டச்சு செய்த மூலக் கோப்பிலிருந்து பத்து இலக்க எண்களைத் தனியாக எடுத்து மறுபடி ஓட்டினேன். முன்பு தேறியவற்றில் இன்னும் 19 எண்கள் அகப்பட்டன. அவற்றில் இரண்டு தட்டச்சுத் தவறே இல்லை, புத்தகத்திலேயே அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.

காட்பாடியிலிருந்து

அவற்றைத் திருத்தாதீர்கள். வேலூர்ப் பட்டியலிலும் அச்சில் உள்ளபடியே ஏற்றியிருக்கக்கூடும். நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் என்ற பதிவு வடிவில் வைத்திருந்தால் 020 புலத்தில் z உட்புலத்தில் பாருங்கள், செல்லாத எண்களுக்கு உரிய இடம் அது.

குடியாத்தத்திலிருந்து

இரண்டில் ஒன்று அங்கேயே இருந்தது, அதே தவறோடு. இன்னொன்றைத் தலைப்பை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன். பத்தியின் தலைப்பில் இப்போதைக்கு 'பிழைகாட்டி: தேறியது / தேறவில்லை' என்று போட்டிருக்கிறேன். ஆரணித் தம்பிக்கு இன்னும் மனம் வரவில்லை என்று தெரியும், வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.