பதினாறு டைரிகள்: எரிப்பதா, மகளிடம் கொடுப்பதா?

மலைக்கோட்டை: 1988 முதல் 2003 வரை நான் எழுதிய பதினாறு டைரிகள் பரணில் இருக்கின்றன. அடுத்த மாதம் சிறிய வீட்டுக்கு மாறுகிறோம். கல்லூரித் தோழி என்னிடம் மட்டும் சொன்ன ஒரு விஷயமும், மாமியாரோடு வந்த சண்டைகளும் அவற்றில் இருக்கின்றன. மகளுக்கு இருபத்து நான்கு வயது. எரித்துவிடவா, அவளிடம் கொடுக்கவா? கணவர் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்கிறார்.

கரிசல்: அக்கா, எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். அப்பா இறந்த பிறகு அவருடைய கணக்கு நோட்டுகளோடு டைரியும் சேர்ந்து போய்விட்டது. சில வாரம் கழித்துத் தெருமுனையில் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் அப்பாவின் கையெழுத்து. "தங்கைக்கு நானூறு கொடுத்தேன், வீட்டில் சொல்லவில்லை." மீதித் தாளைக் கேட்டு ஓடினேன். தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர். அந்த ஒரு தாள்தான் என்னிடம் இருக்கிறது.

தென்றல்: இதில் குழப்பமே வேண்டாம். எல்லாப் பக்கத்தையும் போனில் படமெடுத்துவிட்டு நோட்டுகளைக் கொளுத்திவிடுங்கள். இடமும் மிச்சம், ரகசியமும் பத்திரம்.

குறிஞ்சி: விடுதியில் நான் எண்பூட்டுப் பெட்டியில்தான் டைரி வைத்திருந்தேன். யாரும் தொடவில்லை. அப்படி ஒரு பெட்டி வாங்கலாமே?

மலைக்கோட்டை: யாராவது திருட்டுத்தனமாகப் படிப்பார்கள் என்ற பயம் எனக்கு இல்லை, தங்கையே. எனக்குப் பிறகு இவை என்ன ஆகும் என்பதுதான் கவலை.

பழஞ்சுவடி: நூலகத்தில் பழந்தாள் பராமரிப்பில் இருபத்தேழு ஆண்டு வேலை செய்தவன் நான். தென்றல் சொன்னதில் பாதி சரி. படமெடுப்பது நல்லதுதான். ஆனால் பெரும்பாலான போன்களில் எடுத்த படம் தானாகவே இணையக் கணக்குக்கு ஏறிவிடும். வீட்டில் எல்லோரும் பார்க்கும் டேப்லெட்டிலும் அதே கணக்கு இருந்தால், தோழியின் ரகசியம் அன்று மாலையே கூடத்துக்கு வந்துவிடும். முதலில் அந்த வசதியை நிறுத்துங்கள். படங்களை இரண்டு இடத்தில் வைத்து, சில ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக நகலெடுங்கள். இழுப்பறையில் கிடந்த பென்டிரைவ் ஒருநாள் திறக்காமல் போகும்.

எரிப்பதும் அவ்வளவு எளிதல்ல. மூடிய நோட்டைத் தீயில் போட்டால் உள்ளே காற்று போகாது. ஓரம் கருகி, நடுப்பக்கங்கள் படிக்கும்படியே மிஞ்சும். தையலைப் பிரித்து, சில தாள்களாக எரிக்க வேண்டும். வாளி நீரில் ஊறவைத்தால் மைப்பேனா எழுத்து பெரும்பாலும் கரையும். பால்பாயின்ட் எண்ணெய் மை, அது அப்படியே நிற்கும். தாளையே கூழாகப் பிசைந்தால்தான் அழியும்.

நேர்வழி: எப்படி எரிப்பது என்பது பிறகு. எரித்தே ஆக வேண்டும் என்கிறேன். தோழி நம்பியது உங்களை, உங்கள் மகளை அல்ல. மாமியாரோ பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறார். ஒருதரப்புக் கோபத்தைப் பேத்திக்குச் சொத்தாகக் கொடுப்பது நியாயமா?

பழஞ்சுவடி: அப்படி நினைத்திருந்தால் ஆனந்த ரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்காது. 1736 முதல் 1761 வரை எழுதினார். ஆளுநர் துய்ப்ளேக்சின் மனைவியைப் பற்றிய அவருடைய மனக்கசப்பு உட்பட எல்லாம் அதில் உண்டு. 1846-இல் அது வெளியே வந்ததால்தான் அந்தக் காலப் புதுச்சேரி நமக்குத் தெரிகிறது.

நேர்வழி: அவர் ஆளுநருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த துபாஷ், எழுதியது ஊர் விவகாரம். வெளிவந்தபோது அதில் வந்தவர் எவரும் உயிரோடில்லை. இந்த அக்காவின் தோழி இருக்கிறாரே, ஐயா.

பழஞ்சுவடி: அது சரியான பேச்சு. ஏற்கிறேன். அப்படியானால் தோழியிடமே கேளுங்கள், அம்மா. அவர் வேண்டாம் என்றால் அந்தப் பக்கங்களை மட்டும் எடுங்கள். தையல் போட்ட நோட்டில் ஒரு தாளை முழுதாக உருவினால், அதன் ஜோடித் தாளும் கழன்றுவிடும். தையலிலிருந்து ஒரு விரல் அகலம் விட்டு பிளேடால் வெட்டுங்கள். இன்னொன்று: உயில் எழுதி டைரிகளை மகளுக்குக் கொடுத்தால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாகாத எழுத்தின் பதிப்புரிமையும் கூடவே போகும். வேண்டாம் என்றால் உயிலிலேயே சொல்லிவிட வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

கரிசல்: மாமியார் பக்கங்களை வெட்டாதீர்கள், அக்கா. அப்பா அத்தைக்குப் பணம் கொடுத்தது தெரிந்த பிறகுதான் அவரை எனக்குப் புரிந்தது.

நேர்வழி: அது அன்பு. இது வசை. இரண்டும் ஒன்றல்ல.

மலைக்கோட்டை: நேற்றிரவு தோழியிடம் பேசினேன். சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்பு, நான் என்ன எழுத வைத்தேன் என்று பார்க்க வேண்டும்" என்றாள். பிளேடால் வெட்டி விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். மாமியார் விஷயத்தில் மனம் இன்னும் ஒருபக்கம் நிற்கவில்லை. 1994 டைரியைப் பிரித்தபோது, அவர் எனக்காக எழுதித் தந்த பிரசவ லேகியப் பக்குவம் ஒரு துருப்பிடித்த குண்டூசியில் தொங்கியது.

பழஞ்சுவடி: குண்டூசியை இழுக்காதீர்கள், அம்மா. துரு தாளோடு ஒட்டியிருக்கும். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, ஊசியை மெல்ல அசைத்து எடுங்கள்.