புதுப்பிப்பு: சேனலுக்கு வந்த முதல் ஸ்ட்ரைக்

முன்பு கேட்டது: “யூடியூப் சேனலுக்கு ஸ்ட்ரைக் வந்திருக்கிறது. வீடியோவை அழித்தால் போய்விடுமா?”

போகாது. ஒரு நண்பர் அழிக்கச் சொன்னார், அழித்தும் பார்த்தேன். ஸ்ட்ரைக் அப்படியே நிற்கிறது.

சரியாக வழிகாட்டியவர் செல்வி அக்காதான். ஆகஸ்டில் வந்த எச்சரிக்கையைத் திறந்து பார்க்கச் சொன்னார். அதில் ஒரு சிறு பயிற்சி இருந்தது. அதை முடித்து, அடுத்த 90 நாள் அதே விதியை மீறாமல் இருந்திருந்தால் எச்சரிக்கை நீங்கியிருக்கும். நான் கண்டுகொள்ளவில்லை. அண்ணன் மகன் கையில் பட்டாசைப் பற்றவைக்கும் வீடியோ அக்டோபர் 21-இல் ஸ்ட்ரைக்காக வந்து நின்றது. சிறுவன், நெருப்பு, தவறு என்னுடையதுதான்.

ஒரு வாரம் எதுவும் ஏற்ற முடியவில்லை. அந்த வாரத்துக்கு நேரம் குறித்து வைத்திருந்த சமையல் வீடியோ தானாகவே பிரைவேட்டுக்குப் போய்விட்டது, மறுபடி நேரம் குறிக்க வேண்டியிருந்தது. இன்னொரு சேனலில் போடலாமா என்று தோன்றியது. அக்கா கடுமையாகத் தடுத்தார்: தடையைச் சுற்றிப் போனால் சேனலையே நீக்கலாம்.

ஜனவரி 19-இல் ஸ்ட்ரைக் காலாவதியாகும். அதற்குள் இரண்டாவது வந்தால் இரண்டு வாரத் தடை. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனல் போய்விடும். அதனால் பழைய தீபாவளி வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாட்டுக்கு ஸ்ட்ரைக் வாங்கிய தம்பிக்கு: உங்களுடையது காப்புரிமை ஸ்ட்ரைக், அதற்கான விதிகள் வேறு.

மேல்முறையீடு செய்யலாமா என்று அக்காவும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.