இரண்டு ரூபாய் வித்தியாசத்துக்குள் ஒளிந்திருந்த ஏழும் ஐந்தும்

பேரேடு (திருப்பூர்)

எங்கள் முதலாளிக்கு இரண்டு தொழில். பி.என். ரோடு பக்கம் ஒரு நிட்டிங் யூனிட், அப்புறம் பனியன் தைக்கிற கம்பெனி. யூனிட் துணி ஓட்டிக் கொடுத்துக் கூலி பில் போடும், கம்பெனி பணம் கட்டும். இரண்டுக்கும் தனித்தனி ஜி.எஸ்.டி. நம்பர், தனித்தனிக் கணக்கு. இரண்டையும் முடித்து ஆடிட்டருக்கு அனுப்புகிறவள் நான் ஒருத்திதான்.

போன வருஷம் மே மாதம் வரை யூனிட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனிக் கணக்கில் நானே ஏற்றினேன். ஜூனில் தெரிந்த பையன் ஒருவன் சின்ன ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தான். யூனிட்டில் பில் போட்டால் அன்று ராத்திரியே கம்பெனிப் பக்கம் பர்ச்சேஸ் என்ட்ரியாக வந்து உட்கார்ந்துவிடும். எனக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

மார்ச் முடிந்து இரண்டு லெட்ஜரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யூனிட் கணக்குப்படி கம்பெனி தரவேண்டியது, கம்பெனி கணக்குப்படி தரவேண்டியதைவிட இரண்டு ரூபாய் அதிகம்.

முதலாளி, "ஏனுங்க அம்மணி, ரெண்டு ரூவாய்க்கா இன்னும் உக்காந்திருக்கீங்க? ரவுண்டாஃப்ல போட்டுட்டு அனுப்புங்க" என்றார். போட்டிருக்கலாம். ஆனால் கையால் ஏற்றிய வருஷங்களில் இந்த இரண்டு லெட்ஜரும் ஒரு பைசா விலகியதில்லை. இரண்டு ரூபாய் எங்கே போனது என்பதைவிட, எதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிச்சம் இரண்டாக நிற்கிறது என்பதுதான் என்னை உறுத்தியது. மூன்று நாள் டைம் கேட்டேன்.

முதல் நாள் தேதிவாரியாக டிக் போட்டு வீணாக்கினேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் போட்ட பில் அந்தப் பக்கம் மறுநாள் தேதியில் விழுந்திருந்தது. தேதியை நம்பினால் எதுவும் நேராகாது. இரண்டாம் நாள் இரண்டு லெட்ஜரையும் எக்செல்லில் இறக்கி, பில் நம்பரை மட்டும் வைத்துப் பொருத்தினேன். A காலத்தில் பில் நம்பர், B-யில் கம்பெனிப் பக்கத் தொகை, யூனிட் லெட்ஜர் தனி ஷீட்டில்.

```
=SUMIFS(Unit!C:C,Unit!A:A,A2)-B2
```

கீழே வரை இழுத்துவிட்டுப் பூஜ்யம் இல்லாததை மட்டும் வடிகட்டினேன். அறுநூற்றுச் சொச்சம் பில்லில் ஏழு நின்றது. ஒவ்வொன்றிலும் சரியாக ஒரு ரூபாய், எல்லாமே யூனிட் பக்கம்தான் கூட. சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. வித்தியாசம் இரண்டு, நான் பிடித்தது ஏழு. அப்படியானால் எதிர்ப்பக்கம் ஐந்து ரூபாய் எங்கேயோ இருக்கிறது.

அப்புறம்தான் ஒவ்வொரு மாதக் கடைசி பாக்கியையும் எழுதிப் பார்த்தேன். மே வரை பூஜ்யம். ஜூனில் ஒன்று. டிசம்பரில் ஆறு. ஜனவரியில் ஒரே அடியாக ஒன்றுக்கு இறங்கியிருந்தது. மார்ச்சில் இரண்டு. ஆக, ஐந்து ரூபாய் ஜனவரியில்தான். அந்த மாத வரவுகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கம்பெனி கட்டியது 41,200. யூனிட்டில் பாக்கி நின்ற பில்கள் 41,205. யூனிட்டில் வரவு வைக்கிற தம்பி, பில் பாக்கி காட்டக் கூடாது என்று ஐந்து ரூபாயை ரவுண்டாஃபில் தள்ளி முடித்துவிட்டான். பேங்கில் வந்தது 41,200தான், அதனால் பேங்க் ரீகன்சிலேஷன் நேராகவே இருந்தது. கம்பெனிப் பக்கம் யாருக்கும் சொல்லவில்லை.

ஐந்துக்கு ஆள் கிடைத்தது. ஏழுக்கு யூனிட்டுக்கே போனேன். மெஷின் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும், கீபோர்டு இடுக்கெல்லாம் பஞ்சுத் தூசி. ஏழு பில்லையும் மேஜையில் பரப்பினேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 17 ரோல், 340 கிலோ, ரேட் 14.50. கூலி 4,930. வரி இரண்டரை இரண்டரையாக 123.25 இரண்டு தடவை. மொத்தம் 5,176.50. யூனிட் பில்லில் 5,177 என்று அச்சாகியிருக்கிறது. கம்பெனிப் பக்கம் 5,176.

ஏழுமே ஐம்பது பைசாவில் முடிகிற பில்கள். சரி, ஐம்பது பைசா வந்தால் ப்ரோக்ராம் குறைத்துவிடுகிறது என்று நினைத்தேன். ஆனால் அதே ரேட்டில் 380 கிலோ பில் ஒன்று 5,785.50. அது இரண்டு பக்கமும் 5,786. ஐம்பது பைசா பில்கள் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தபோது ஒன்று மட்டும் புரிந்தது: ரூபாய் இரட்டைப்படையாக இருந்தால் விலகுகிறது, ஒற்றைப்படையாக இருந்தால் சேர்ந்துவிடுகிறது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. யூனிட் பக்கம் போட்ட ரவுண்டாஃப் தொகையை அப்படியே கொண்டுவரும்படி அந்தப் பையன் மாற்றிவிட்டான். காரணம் கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஒன்பதாம் வாய்ப்பாடு

வித்தியாசத்தை முதலில் ஒன்பதால் வகுத்துப் பாருங்கள் மேடம். மீதி வராவிட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். இரண்டு ரூபாய் ஒன்பதால் வகுபடாது, அதனால் டைப்பிங் தப்பு எதுவும் இல்லை என்று முதல் நிமிஷத்திலேயே தெரிந்திருக்கும். தவிர, பில் மொத்தத்தை முழு ரூபாயாக்க வேண்டும், ஐம்பது பைசா வந்தால் மேலே ஏற்ற வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டம் 170-ஆம் பிரிவே சொல்கிறது. கம்பெனிப் பக்கம் இருந்தது சட்டப்படியே தப்பு.

கரூர் கணக்கு

எனக்கும் பேங்க் கணக்கில் இதேதான். 63 ரூபாய் நேராகாமல் ஒரு வாரம் தூக்கம் போனது. ஒன்பதால் வகுபடுகிறதே என்று ஒவ்வொரு செக்காகப் பார்த்தேன். டையிங்காரருக்குக் கொடுத்த செக் 6,381, நான் ஏற்றியது 6,318. பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் தினமும் இறக்கிப் பாருங்கள் மேடம், மாதக் கடைசி வரை விடாதீர்கள்.

பேரேடு (திருப்பூர்)

கரூர் அக்கா, என்னுடையது பேங்க் இல்லை. பேங்க் இரண்டு பக்கமும் நேராகத்தான் இருந்தது, அதனால்தான் ஐந்து ரூபாய் கண்ணில் படவே இல்லை. உங்கள் 63-ல் ஒன்பது வேலை செய்தது, ஏனென்றால் தப்பு ஒன்றே ஒன்று. எனக்கு எட்டு என்ட்ரி கலந்து நின்ற மிச்சம். உள்ளே 9 ரூபாய் இடமாற்றம் ஒன்று இருந்திருந்தால்கூட மொத்தம் பதினொன்றாகியிருக்கும், பதினொன்றும் ஒன்பதால் வகுபடாது. அதை நம்பி டைப்பிங் தப்பு இல்லை என்று முடிவு கட்டியிருந்தால் ஏமாந்திருப்பேன்.

170-ஆம் பிரிவு வரித் தொகை, வட்டி, அபராதம், ரீஃபண்ட் இவற்றை முழு ரூபாயாக்குவதைச் சொல்கிறது. பில் மொத்தத்தை முழு ரூபாயாக்குவது நம் வியாபார வழக்கம்.

பவானி நதி

ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் 2B பட்டியலோடு பொருத்தும்போதே மாட்டியிருக்க வேண்டுமே?

பேரேடு (திருப்பூர்)

மாட்டவில்லை. நான் பொருத்துவது வரிக்கு உட்பட்ட தொகையும் வரியும்தான். 4,930-ம் 123.25-ம் இரண்டு பக்கமும் ஒன்றே. ரவுண்டாஃப் அதற்குக் கீழே வருகிறது. இன்வாய்ஸ் மதிப்பு என்ற காலத்தையும் சேர்த்துப் பார்த்திருந்தால் ஜூனிலேயே தெரிந்திருக்கும். இனிமேல் பார்ப்பேன்.

அரைப்புள்ளி

இரட்டைப்படை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது மேடம், காரணம் அதிலேயே இருக்கிறது. நான் பதினைந்து வருஷமாக பில்லிங் ப்ரோக்ராம் எழுதுகிறேன். சரியாகப் பாதியில் நிற்கிற எண்ணை எப்போதும் மேலே ஏற்றுவது ஒரு வழி. பக்கத்தில் இருக்கிற இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது இன்னொரு வழி. எப்போதும் ஏற்றிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை மெல்ல உப்பிவிடும் என்பதால் வந்தது அது. உங்கள் ஷீட்டிலேயே சோதிக்கலாம். முதல் வரியை ஒரு செல்லில் போடுங்கள், அடுத்ததை எக்செல் மேக்ரோ எடிட்டரின் இமீடியட் விண்டோவில்.

```
=ROUND(5176.5,0)
? Round(5176.5)
```

முதலாவது 5177 தரும், இரண்டாவது 5176. ஒரே எக்செல், இரண்டு விடை. பைத்தானில் `round` போட்டாலும் 5176தான். 5785.5 கொடுத்தால் எல்லாமே 5786 தரும், 5785 ஒற்றைப்படை, பக்கத்து இரட்டைப்படை 5786தான். உங்கள் பையன் இதில் ஏதோ ஒன்றில் எழுதியிருப்பான். அந்தப் பக்கம் மறுபடி கணக்குப் போடாமல் ரவுண்டாஃபை அப்படியே கொண்டுவந்ததுதான் சரியான வைத்தியம்.

சென்னிமலைத் தறி

எங்கள் குடோனில் நெட் பாதியில் அறுந்து, மறுபடி ஏற்றும்போது ஒரே பில் இரண்டு தடவை விழுந்தது. நாற்பதாயிரம் கூடியது, அதனால் அன்றைக்கே பிடித்தோம். இப்போது யோசித்தால் வயிறு கலங்குகிறது. இன்னொரு பில் அதே அளவுக்கு விடுபட்டிருந்தால் எங்கள் லெட்ஜரும் சில ரூபாயில்தானே நின்றிருக்கும்?

பேரேடு (திருப்பூர்)

அதே பயம்தான் எனக்கும் அண்ணா. அதனால்தான் பில் நம்பரைத் திருப்பியும் போட்டேன், யூனிட்டில் இருக்கிற, கம்பெனியில் இல்லாத பில் ஏதாவது உண்டா என்று. ஒரு பக்கம் மட்டும் தேடினால் விடுபட்டது தெரியாது. அப்புறம் `COUNTIF` போட்டு இரண்டு தடவை வந்ததையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அரைப்புள்ளி சார், நன்றி. மேக்ரோ விண்டோவில் போட்டுப் பார்த்தேன், 5176 என்று வந்தபோது பக்கத்தில் இருந்த தம்பியையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஏழு வவுச்சரையும் அந்தந்தத் தேதியிலேயே திருத்துவதா, மார்ச் 31-ல் ஏழு ரூபாய்க்கு ஒரே ஜர்னல் போடுவதா? எங்கள் ஆடிட்டர் ஒரே ஜர்னல் போதும் என்கிறார். எனக்கு வவுச்சரில் திருத்தத்தான் மனசு வருகிறது, நாளைக்கு யாராவது பில்லைக் கையில் எடுத்தால் 5,177தானே அச்சாகியிருக்கும்.

ஒன்பதாம் வாய்ப்பாடு

ஜர்னல்தான் நல்லது. பழைய வவுச்சரில் கை வைத்தால் எடிட் லாகில் விழும்.

பவானி நதி

அவர்களுடையது பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா என்று தெரியாமல் எப்படிச் சொல்கிறீர்கள்? எடிட் லாக் 2023 ஏப்ரலில் கட்டாயமானது கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவானவர்களுக்குத்தான். அவர்களுக்கும் திருத்தக் கூடாது என்று இல்லை, திருத்தினது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பேரேடு (திருப்பூர்)

இரண்டுமே பார்ட்னர்ஷிப். ஆடிட்டரிடம் இன்னொரு தடவை பேசுகிறேன். அந்த ஐந்து ரூபாயை யூனிட்டில் திரும்ப எடுத்து, கம்பெனியை 41,205-ஆகக் கட்ட வைத்தாகிவிட்டது.

புது வருஷத்தில் இரட்டைப்படை ஐம்பது பைசா பில் எப்போது வரும் என்று காத்திருந்தேன். நேற்று வந்தது. 420 கிலோ, அதே 14.50, மொத்தம் 6,394.50. ராத்திரி சிங்க் முடிகிற வரை ஆபீஸிலேயே இருந்தேன். இரண்டு பக்கமும் 6,395.