மிளகாய் நாற்று: 80% முளைப்புத்திறன், 250 விதை போட்டும் 150 தான் தேறியது. கணக்கில் எங்கே பிசகு?

பச்சைக்குழி
நடவுக்கு 200 மிளகாய் நாற்று வேண்டும். பாக்கெட்டில் முளைப்புத்திறன் 80% என்று போட்டிருக்கிறது. 200-ஐ 0.80-ஆல் வகுத்தால் 250. அதனால் குழித்தட்டில் குழிக்கு ஒன்றாக 250 விதை ஊன்றினேன். நடும் பருவத்தில் எண்ணினால் 150 தான் இருக்கிறது. அப்படியென்றால் விதையின் முளைப்பு 60% தானே? பாக்கெட்டில் பொய் போட்டிருக்கிறார்களா? அடுத்த முறை எத்தனை விதை போடுவது?

ஊறல்பானை
இதுக்கெல்லாம் கணக்கே வேண்டாம். குழிக்கு ரெண்டு விதை போடுங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு வரும். விதைக்கறதுக்கு முன்னாடி தண்ணியில போட்டு, மிதக்கற விதையை அரிச்சு எடுத்துடுங்க, அதெல்லாம் பதர்.

நாற்றுமேடை
பச்சைக்குழி, 150 என்பது முளைப்பு இல்லை, தேறிய நாற்று. இரண்டுக்கும் நடுவில் பல இடங்களில் கழிவு விழும். விதையைக் குறை சொல்வதற்கு முன் மூன்று விவரம் வேண்டும். மண்ணுக்கு மேல் தலை காட்டியவை மொத்தம் எத்தனை? வந்த பிறகு செத்தவை எத்தனை, எப்படிச் செத்தன? வராத குழிகளில் ஒரு இருபதைக் கிளறிப் பாருங்கள், உள்ளே என்ன இருக்கிறது? விதை கூழாகிவிட்டதா, கெட்டியாக முழுசாக இருக்கிறதா, வேர் விட்டு மேலே வராமல் உள்ளேயே மடிந்ததா என்று தனித்தனியாக எண்ணுங்கள்.

பச்சைக்குழி
தலை காட்டியது 190. அதில் 40 போய்விட்டது. பெரும்பாலும் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நூல் போல மெலிந்து, அப்படியே சாய்ந்தது. காலியாக இருந்த 60 குழிகளில் 20-ஐக் கிளறினேன். 11-ல் கூழ், அல்லது வெறும் தோல். 3-ல் விதை கெட்டியாக இருக்கிறது. 6-ல் வேர் வந்திருக்கிறது, தண்டு வளைந்து உள்ளேயே காய்ந்திருக்கிறது.

நாற்றுமேடை
இப்போது கணக்குப் பார்க்கலாம். இருபதில் ஆறு உள்ளேயே மடிந்திருந்தால், அறுபதுக்குச் சுமார் 18. அவையும் முளைத்த விதைகள்தான், வெளியே வர முடியவில்லை, அவ்வளவே. 190-உடன் 18-ஐச் சேர்த்தால் 208. அதாவது 250-க்கு 83%. இருபது குழியை வைத்துச் சொல்வதால் இது தோராயம்தான். ஆனாலும் பாக்கெட்டில் போட்ட 80%-க்கு உங்கள் விதை குறைவில்லை.

கழிவு விழுந்தது இரண்டு இடத்தில். ஒன்று, முளைத்தும் மேலே வராத 18. ஆழமாக ஊன்றியிருப்பீர்கள், அல்லது விதைக்கு மேல் மூடியது காய்ந்து ஏடு கட்டியிருக்கும். மிளகாய்க்கு அரை முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். விரலால் அழுத்திக் குழி போட்டால் தெரியாமலே இரண்டு சென்டிமீட்டர் போய்விடும். இரண்டாவது, சாய்ந்து விழுந்த 40. நீங்கள் சொல்லும் அடையாளம் நாற்றழுகலுடையது. ஈரம் வடியாத ஊடகம், காற்றோட்டமில்லாத மூடாக்கு, மாலையில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க இலை ஈரமாகவே இருப்பது, இவைதான் வழக்கமான காரணங்கள். தட்டுகளை அடுக்கி பாலித்தீன் தாளால் மூடி வைத்திருந்தீர்களா?

பச்சைக்குழி
ஆமாம், மூடினேன். எல்லாம் முளைக்கட்டும் என்று பத்து நாளுக்கு மேல் திறக்கவில்லை.

நாற்றுமேடை
எல்லாம் முளைக்கும்வரை காத்திருக்கக் கூடாது. அங்கங்கே முதல் முளை தலை காட்டியதுமே தாளை எடுத்துவிட்டுத் தட்டுகளைப் பரப்பி வெளிச்சத்துக்குக் கொண்டு வர வேண்டும். தாமதமானால் நாற்று வெளுத்து நீண்டு, தண்டு பலமில்லாமல் போகும், அழுகலுக்கு அதுவே வாசல். பிறகு காலையில் மட்டும் தண்ணீர், அதுவும் ஊடகத்தின் மேற்பரப்பு நிறம் வெளுத்த பிறகு.

விதைப்பெட்டி
அடுத்த முறைக்கான எண்ணிக்கையை நான் சொல்கிறேன். ஒரே சதவீதத்தால் வகுக்காமல் இரண்டு படியாக வகுக்க வேண்டும். வெளிவந்தது 250-க்கு 190, அதாவது 76%. அதில் தேறியது 150, அதாவது 79%. இரண்டையும் பெருக்கினால் 0.60. 200-ஐ 0.60-ஆல் வகுத்தால் 333. எதையும் மாற்றாமல் இதே முறையில் போனால் இந்த எண்தான்.

ஆனால் 333 போட்டால் 200 கிடைத்தே தீரும் என்று அர்த்தமில்லை. சராசரியாக 200. பல முறை செய்தால் ஏறக்குறைய பாதி முறை 200-க்குக் கீழேதான் நிற்கும். இருபது முறையில் பத்தொன்பது முறையாவது 200 வர வேண்டுமானால் 360 போட வேண்டும். அழுகலைக் கட்டுப்படுத்தி, வந்ததில் 90% தேறும் நிலைக்குக் கொண்டு வந்தால் 0.76 × 0.90 = 0.684. வகுத்தால் 292, துண்டு விழாமல் இருக்க 315. ஆக, மூடாக்கைச் சரியாகக் கையாண்டாலே 45 விதை மிச்சம்.

மாடிக்கொடி
எனக்குப் பத்துச் செடிதான் வேண்டும். அதே 0.60 என்றால் 17 விதை போதுமா?

விதைப்பெட்டி
போதாது. எண்ணிக்கை குறையக் குறைய, உபரி விகிதத்தில் கூடும். 200 செடிக்கு எட்டு சதவீதம் கூடுதல் போதும். பத்துச் செடிக்கு அதே உறுதி வேண்டுமானால் 22, 23 விதை போட வேண்டும். 17-க்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். நாலைந்து விதை பொய்த்துப் போனால் 200-ல் தெரியாது, பத்தில் பளிச்சென்று தெரியும்.

ஊறல்பானை
அதான் சொல்றேன், குழிக்கு ரெண்டு போட்டா இந்தத் தலைவலியே இல்ல. 76% வந்தாலும், ரெண்டுமே வராம போற குழி நூத்துக்கு ஆறுதான்.

விதைப்பெட்டி
0.24 × 0.24 = 0.058. உங்கள் கணக்கு சரிதான் அண்ணே. ஆனால் அது ஒரு விதை போவதற்கும் பக்கத்து விதை போவதற்கும் சம்பந்தமே இல்லை என்றால்தான் செல்லும். விதைக்குள் உயிர் இல்லாமல் போனதற்கு இது பொருந்தும். அழுகலுக்குப் பொருந்தாது. ஒரு குழியில் நோய் வந்தால் இரண்டு நாற்றும் சேர்ந்தேதான் சாயும், நெருக்கமாக இருப்பதால் இன்னும் வேகமாக. ஆழமாகப் போட்ட குழியில் இரண்டுமே உள்ளே மாட்டும். பச்சைக்குழிக்கு விழுந்த கழிவில் பெரும்பகுதி இந்த வகைதான். 250 குழிக்கு 500 விதை செலவு வேறு. விலை குறைந்த விதை, இடம் குறைவு என்றால் இரண்டு போடலாம். அப்படிப் போட்டால், மிகையான நாற்றைப் பிடுங்காதீர்கள், பக்கத்து வேரும் சேர்ந்து வரும். கத்தரிக்கோலால் அடியில் நறுக்குங்கள்.

மிதக்கும் விதை விஷயம், மிளகாய்க்கு வேண்டாம். தட்டையான, லேசான விதை, தோலில் காற்று ஒட்டிக்கொண்டிருந்தாலே மிதக்கும். நல்ல விதையையும் கொட்டிவிடுவீர்கள்.

ஊறல்பானை
நெல்லுக்கு உப்புத்தண்ணியில போட்டுப் பாக்கறது சரியா வருதே.

நாற்றுமேடை
நெல்லில் பால் பிடிக்காத பதருக்கும் நிறைந்த மணிக்கும் எடையில் பெரிய வித்தியாசம் உண்டு, அதனால் பிரியும். அங்கேயும் பிரிவது எடைதான். பழசாகி உயிர் போன மணி எடை குறையாமல் அடியில்தான் கிடக்கும்.

பச்சைக்குழி
பாக்கெட் பிரித்து மீதி விதை வைத்திருக்கிறேன். அடுத்த பருவத்துக்கு அதே 80%-ஐ எடுத்துக்கொள்ளலாமா? பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து பார்த்தால் போதுமா?

நாற்றுமேடை
லேபிளில் இருப்பது பரிசோதனை செய்த தேதியில் இருந்த நிலை. பல நேரம் அது அளந்த எண்கூட இல்லை, இதற்குக் குறையாது என்ற அடிவரம்பு. பிரித்து ஈரக்காற்று பட்ட விதையை மறுபடி சோதிக்கத்தான் வேண்டும்.

பத்து விதை போதாது. பத்தில் எட்டு முளைத்தால், உண்மையான முளைப்பு 45%-ஆகவும் இருக்கலாம், 97%-ஆகவும் இருக்கலாம். நூற்றுக்கு எண்பது முளைத்தால், 71-க்கும் 87-க்கும் நடுவில் என்று சொல்ல முடியும். சர்வதேச விதைப் பரிசோதனை விதிகளில் 400 விதையை நூறு நூறாகப் பிரித்து வைப்பதும் இதனால்தான். வீட்டில் 100 விதை, 25 வீதம் நான்கு பொட்டலம் போதும்.

நீர் உறிஞ்சும் தாளை நனைத்துப் பிழியுங்கள், தூக்கினால் சொட்டக் கூடாது. விதைகள் ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக வைத்துச் சுருட்டி, பாலித்தீன் பையில் தளர்வாக நிறுத்தி, 25 முதல் 30 டிகிரி சூட்டில் வையுங்கள். மிளகாய்க்கு 7-ஆம் நாள் ஒரு முறை, 14-ஆம் நாள் கடைசியாக எண்ண வேண்டும். பூசணம் பிடித்ததை அன்றன்றே எடுத்து, செத்ததாகக் குறித்துக்கொள்ளுங்கள். வேர் நுனி எட்டிப் பார்த்ததை எல்லாம் முளைத்ததாக எண்ணினால் எண் ஏறிவிடும். வேரும் தண்டும் முழுசாக இருப்பதை மட்டும் எண்ணுங்கள். 22, 21, 23, 14 என்று ஒரு பொட்டலம் தனியாக விழுந்தால் சராசரி எடுக்காதீர்கள். அந்தத் தாள் காய்ந்திருக்கும் அல்லது பூசணம் பரவியிருக்கும், திரும்ப வையுங்கள்.

கரிசல்காடு
நான் நிலக்கடலை நேரடியாக விதைக்கிறவன். யாரும் பருப்பை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. கிலோவில் எப்படிச் சொல்வது?

விதைப்பெட்டி
ஆயிரம் பருப்பின் எடையைக் கிராமில் எடுங்கள். சதுர மீட்டருக்கு வேண்டிய செடிகளை அதனால் பெருக்கி, நிலத்தில் நிலைக்கும் சதவீதத்தால் வகுத்தால் எக்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 30 × 10 சென்டிமீட்டர் இடைவெளிக்குச் சதுர மீட்டருக்கு 33 செடி. ஆயிரம் பருப்பு 400 கிராம், நிலைப்பது 80% என்றால் 33 × 400 ÷ 80 = 165 கிலோ. எடை கூடின ரகம் என்றால் அதே செடி எண்ணிக்கைக்கு இன்னும் அதிகக் கிலோ ஆகும், போன ரகத்தின் கிலோவை அப்படியே போடாதீர்கள். 80 என்று நான் வைத்தது உதாரணம்தான். முளைப்புச் சோதனை எண்ணை அங்கே நேராக வைக்கக் கூடாது, நிலத்தில் அதைவிடக் குறையும்.

கரிசல்காடு
எவ்வளவு குறையும்?

விதைப்பெட்டி
அதற்குப் பொது எண் கிடையாது. விதைத்த பிறகு நாலைந்து இடத்தில் பத்து மீட்டர் வரிசையில் வந்த செடியை எண்ணி, அங்கே விழுந்த விதையோடு ஒப்பிட்டால் உங்கள் நிலத்துக்கான எண் கிடைக்கும். அடுத்த பருவத்துக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

பச்சைக்குழி
நான் 315 போடுகிறேன். அந்தக் கெட்டியாக இருந்த 3 விதையும் இன்னும் முளைக்குமா?

நாற்றுமேடை
நகத்தால் நறுக்கிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் உயிர் உண்டு, சூடு குறைவால் தாமதித்திருக்கலாம். பழுப்பாக நீர் விட்டிருந்தால் முடிந்தது. ஆனால் முளைத்தாலும் மற்ற நாற்றைவிட இரண்டு வாரம் பிந்தி நிற்கும், ஒரே நாளில் நடுவதற்கு உதவாது. அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்னொன்று, நட்ட பிறகும் சில செடி போகும். இடைவெளி நிரப்ப 10 முதல் 15 நாற்று கூடுதலாக வேண்டுமானால், 200-க்குப் பதில் 215 என்று வைத்து முதலிலிருந்து வகுங்கள்.

ஊறல்பானை
பத்துத் தட்டுல மட்டும் ரெண்டு ரெண்டா போட்டு, மத்ததுல ஒண்ணு போட்டுப் பாருங்க. எது லாபம்னு அப்பத் தெரியும்.

பச்சைக்குழி
என்னிடம் இருப்பதே நாலு தட்டுதான் அண்ணே. ஒன்றில் வேண்டுமானால் போட்டுப் பார்க்கிறேன்.