நான்கு நிமிடம் ஓடிவிட்டு உறைந்துபோகும் மல்ட்டிகாஸ்ட் காட்சி – உதவி தேவை

தென்னரசி:
வணக்கம். எங்கள் கல்லூரி அரங்கில் நடப்பதை வளாகத்தின் 32 தொலைக்காட்சிகளில் காட்டுவதற்காக, ஒரு லினக்ஸ் கணினியிலிருந்து 6 எம்பிபிஎஸ் அளவில் மல்ட்டிகாஸ்ட் அனுப்புகிறோம். எல்லாம் ஒரே விலானில் இருக்கின்றன. சோதனைக்கு நான் பயன்படுத்தும் கட்டளை இது:

```
ffmpeg -re -i test.ts -c copy -f mpegts "udp://239.10.10.5:5004?pkt_size=1316"
```

சென்ற மாதம் பழைய ரவுட்டரை மாற்றினோம். அன்றிலிருந்து காட்சி சில நிமிடங்களில் உறைந்துவிடுகிறது. சேனலை மாற்றித் திரும்பினால் மீண்டும் ஓடுகிறது. 10:02க்குப் போட்ட தொலைக்காட்சி 10:06க்கும், 10:10க்குப் போட்டது 10:14க்கும் நின்றன.

கணேஷ்:
32 தொலைக்காட்சிக்குத் தலா 6 என்றால் 192 எம்பிபிஎஸ் ஆகிறது. அனுப்பும் கணினியின் நெட்வொர்க் கார்டு 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால் தாங்காது. முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

பழைய கம்பி:
கணேஷ், அந்தக் கணக்கு ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி அனுப்பும்போதுதான் பொருந்தும். இங்கே கணினி 239.10.10.5 என்ற குழு முகவரிக்கு ஒரே ஒரு பிரதியை அனுப்புகிறது. யார் பார்க்கிறார்கள் என்பதே அதற்குத் தெரியாது. பிரதி எடுக்கும் வேலை ஸ்விட்சினுடையது, அதுவும் கேட்டவர்கள் இருக்கும் போர்ட்டுகளுக்கு மட்டும். தென்னரசி அவர்களே, கணினி இணைந்துள்ள போர்ட்டின் அளவீட்டைப் பாருங்கள். ஒரு தொலைக்காட்சி ஓடினாலும் 32 ஓடினாலும் அது 6க்கு அருகிலேயே நிற்க வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது, எல்லாம் ஒன்றாக நிற்காமல், ஒவ்வொன்றும் தான் சேர்ந்த நேரத்திலிருந்து எண்ணி நிற்கிறது என்பதுதான். அனுப்புபவரிடம் கோளாறு இருந்தால் அப்படி நடக்காது. குழுவில் சேரும் அறிவிப்புகளை ஒட்டுக்கேட்கும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் உங்கள் ஸ்விட்சில் இயங்குகிறதா?

ரஹீம்:
எனக்கும் மல்ட்டிகாஸ்ட் பிரச்சினைதான். அடுத்த சப்நெட்டுக்குக் காட்சி போகவே மாட்டேன் என்கிறது.

பழைய கம்பி:
ரஹீம், உங்களுடையது வேறு. மல்ட்டிகாஸ்ட் பொட்டலம் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்று வரம்பிடும் டிடிஎல் பெரும்பாலும் இயல்பாக 1 என்பதால், அது முதல் ரவுட்டரிலேயே மடிந்துவிடும். அதைக் கூட்டினாலும், ரவுட்டரில் மல்ட்டிகாஸ்ட் ரவுட்டிங் இயக்கப்படாவிட்டால் பயனில்லை. விவரத்துடன் தனி இழை தொடங்குங்கள்.

தென்னரசி:
ஸ்னூப்பிங் இயங்குகிறது. அனுப்பும் போர்ட்டில் எப்போதும் 6 எம்பிபிஎஸ்தான்.

மதிவாணன்:
ஸ்னூப்பிங்கை அணைத்துவிடுங்கள். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் சரிசெய்தோம்.

பழைய கம்பி:
அணைத்தால் காட்சி நிற்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த 6 எம்பிபிஎஸ் அந்த விலானின் எல்லா போர்ட்டுகளுக்கும் பாயும். அதில் வைஃபை கருவிகள் இருந்தால், அவை மல்ட்டிகாஸ்ட்டைப் பொதுவாகத் தங்கள் குறைந்த வேகங்களிலேயே அனுப்புவதால், கைப்பேசிகளின் இணைப்பு திணறிவிடும்.

தொலைக்காட்சி குழுவில் சேரும்போது ஓர் அறிவிப்பு அனுப்புகிறது. அதை ஒட்டுக்கேட்டுத்தான் ஸ்விட்ச் அந்தப் போர்ட்டைக் குறித்துக்கொள்கிறது. அதன் பிறகு தொலைக்காட்சி தானாகப் பேசாது. "இன்னும் யார் இருக்கிறீர்கள்" என்று எவராவது கேட்டால்தான் பதில் சொல்லும். வழக்கமாக 125 விநாடிக்கு ஒருமுறை கேள்வி வரும்; பதிலுக்கு 10 விநாடி அவகாசம் உண்டு. இரண்டு சுற்றுக் கேள்வியும் அந்த அவகாசமும் சேர்ந்து 260 விநாடி ஆகும். அதற்குள் பதில் வராத போர்ட்டை ஸ்விட்ச் நீக்கிவிடும். உங்கள் நான்கு நிமிடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பழைய ரவுட்டர் அந்தக் கேள்வியைக் கேட்டு வந்திருக்கும். புதியது கேட்பதில்லை என்பது என் ஊகம். ஒரு மடிக்கணினியில் காட்சியைத் திறந்துவிட்டு இதை ஓட்டுங்கள்:

```
tcpdump -ni eth0 igmp
```

தென்னரசி:
ஓட்டினேன். தொடக்கத்தில் என் மடிக்கணினி அனுப்பிய இரண்டு அறிவிப்புகள் மட்டும் வந்தன. அதன் பிறகு ஒரு வரியும் இல்லை. 4 நிமிடம் 20 விநாடியில் காட்சி நின்றது.

பழைய கம்பி:
அப்படியானால் உறுதி. மைய ஸ்விட்சில் அந்த விலானுக்கு, இந்தக் கேள்வியைக் கேட்கும் ஐஜிஎம்பி குவெரியரை இயக்குங்கள். அந்த விலானில் ஸ்விட்சுக்கு ஓர் ஐபி முகவரியும் கொடுங்கள். அது இல்லாவிட்டால் சில ஸ்விட்சுகள் கேள்வியே அனுப்புவதில்லை. பின்னால் வேறொரு குவெரியர் சேர்ந்தாலும் மோதல் வராது, சிறிய முகவரி உள்ளது மட்டும் கேட்கும்.

தென்னரசி:
செய்தேன், ஐயா. கேள்விகள் 125 விநாடிக்கு ஒருமுறை வருகின்றன. மூன்று மணி நேரமாக எதுவும் நிற்கவில்லை. மிக்க நன்றி. ஆனால் உணவுக்கூடத்தில் மட்டும் ஒரு தொல்லை மீதமிருக்கிறது. அங்கே இரண்டு தொலைக்காட்சிகள் ஒரு சிறிய சாதாரண ஸ்விட்ச் வழியாக ஒரே போர்ட்டில் இணைந்துள்ளன. ஒன்றை அணைத்தால் மற்றதும் உறைந்து, ஓரிரு நிமிடத்தில் தானாக மீள்கிறது.

பழைய கம்பி:
அந்தப் போர்ட்டில் "உடனடி விலகல்" இயக்கப்பட்டிருக்கலாம். ஒருவர் விலகுவதாகச் சொன்னதும், வேறு யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்காமலே ஸ்விட்ச் போர்ட்டை மூடிவிடும். அடுத்த பொதுக் கேள்விக்கு மற்றது பதில் சொன்ன பிறகுதான் திறக்கும். ஒரு போர்ட்டுக்கு ஒரு கருவி உள்ள இடத்துக்குத்தான் அது பொருந்தும்.

மதிவாணன்:
அது சிறிய ஸ்விட்சின் கோளாறாகவும் இருக்கலாம் அல்லவா?

தென்னரசி:
மைய ஸ்விட்சின் கடவுச்சொல் எங்கள் மேலாளரிடம் இருக்கிறது. நாளை அந்த அமைப்பைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.